சயாமுக்குப் போனவனைப் பாடும் பாட்டு: அவலமா, காதலா? ஒன்பான் சுவையால் முடிவுசெய்யும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் கோயில் திருவிழாவுக்கோ தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிக்கோ பழைய தோட்டப் பாட்டு ஒன்றை மேடையேற்றும்போது முதலில் வரும் வாக்குவாதம் இதுதான்: இந்தப் பாட்டின் சுவை என்ன? ஆடுகிறவருக்கு முகபாவம் வேண்டும், பாடுகிறவருக்கு மெட்டின் வேகம் வேண்டும், அறிமுகம் செய்கிறவருக்கு ஒரு வாக்கியம் வேண்டும். மூன்றும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை. பெரும்பாலும் "சோகப் பாட்டு, அதனால் கருணை" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். தோட்டப் பாட்டுகளில் பாதிக்கு இந்த விடை பிழையாகிவிடும்.

ஒன்பது சுவைகளையும் சமமாக விளக்குவதைவிட, உண்மையில் தடுமாறவைக்கும் ஓர் எல்லையை நன்றாகப் பார்ப்பது பயன் தரும். அது பிரிந்தவனுக்காக ஏங்கும் காதலுக்கும் இழந்தவனுக்காக அழும் அவலத்துக்கும் இடையில் உள்ள எல்லை. மற்றவற்றை அங்கே போகும் வழியில் தொட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதின் அடிப்படை

பரதரின் நாட்டிய சாத்திரம் எட்டுச் சுவைகளைச் சொல்கிறது: சிருங்காரம், ஹாஸ்யம், கருணை, ரௌத்திரம், வீரம், பயானகம், பீபத்ஸம், அற்புதம். ஒன்பதாவதான சாந்தம் பின்னால் சேர்ந்தது. கி.பி. 1000 வாக்கில் காஷ்மீரத்து அபிநவகுப்தர் அதற்காக விரிவாக வாதாடிய பிறகுதான் அது உறுதியாக நிலைபெற்றது. தமிழில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எட்டுத்தான் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இரண்டு பட்டியல்களும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தும்.

ஒவ்வொரு சுவைக்கும் அடியில் நிலையான உணர்ச்சி ஒன்று உண்டு. வடமொழியில் அதற்கு ஸ்தாயி பாவம் என்று பெயர். சிருங்காரத்துக்கு அது காதல், கருணைக்குத் துயரம், ரௌத்திரத்துக்குச் சினம், வீரத்துக்கு ஊக்கம், பயானகத்துக்கு அச்சம், பீபத்ஸத்துக்கு அருவருப்பு, அற்புதத்துக்கு வியப்பு, ஹாஸ்யத்துக்குச் சிரிப்பு, சாந்தத்துக்கு மன அடக்கம். சுவையைக் கண்டுபிடிப்பது என்றால் பாட்டின் அடியில் ஓடும் இந்த நிலையான உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதுதான்.

ஒரு சொல் எச்சரிக்கையும் இங்கேயே தேவை. அன்றாடத் தமிழில் "கருணை" என்றால் இரக்கம், அருள். சுவைப் பட்டியலில் அது அவலம். "அம்மன் கருணை" என்று பாட்டில் வருவதைப் பார்த்துக் கருணைச் சுவை என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க இங்கே அவலம் என்றே எழுதுகிறோம். சிருங்காரத்தையும் காதல் சுவை என்றே சொல்கிறோம்.

எடுத்துக்காட்டுப் பாட்டு

முறையைக் காட்டுவதற்காகவே தோட்டப் பாட்டின் நடையில் இந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறோம். ஜப்பானியர் ஆட்சியில், 1942–43இல், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. போர் 1945இல் முடிந்து தோட்டம் மறுபடி திறந்த பின் ஒரு பால்வெட்டுக்காரப் பெண் பாடுவதாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1. கோழி கூவுமுன்னே நானெழுந்தேன்
2. கூட ஒரு கெழங்கு அவிச்செடுத்தேன்
3. பாதிக் கெழங்கு சட்டியில காத்திருக்கு – மச்சான்
4. பாத பாத்து வாசப்படி காத்திருக்கு

5. பெரட்டு முடிஞ்சு காட்டுக்குள்ள போகையிலே
6. பேசாம நிக்குதையா ஒன் நெரையும்
7. கத்தி துருப்பிடிக்கு முன்னே தீட்டிவச்சேன் – மச்சான்
8. கைப்பிடியில் ஒங் கைச்சூடு தேடிவச்சேன்

9. காசு வாங்கிப் பேரெழுதிக் குடுத்தானே
10. கங்காணி ஆளெண்ணி விட்டானே
11. பொட்டியில மாட்டைப்போல அடைச்சானே – அவன்
12. வாசலிலே புல்லு மொளச்சுப் போகாதா

13. சயாமுக்குப் போன சனம் திரும்புதுன்னு
14. சந்தையில சொன்னாங்க ஓடிவந்தேன்
15. வந்தவங்க மொகமெல்லாம் பாத்து வந்தேன் – மச்சான்
16. வராதவங்க பேரு யாரும் சொல்லலையே

முதல் படி: எழுதி, எண்ணிட்டு, நிலைமையை ஒரு வரியில் சொல்லுங்கள்

ஒலிப்பதிவைக் கேட்டுச் சுவை சொல்லாதீர்கள். மெட்டு உங்களை முந்திக்கொள்ளும். ஒப்பாரி இழுப்பில் பாடினால் கடைக் கணக்குகூட அழுகையாகத்தான் கேட்கும். அதனால் முதலில் வரிகளைத் தாளில் எழுதி எண்ணிடுங்கள். பாடும்போது திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள். இந்தப் பாட்டில் 3, 4 ஆகிய வரிகள் ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் திரும்பிவருகின்றன. கடைசியில் இது தேவைப்படும்.

பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: பாடுவது யார், யாரிடம், என்ன நடந்த பிறகு? இங்கே விடை: சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட கணவனிடம், மற்றவர்கள் திரும்பி வந்த பிறகு, மனைவி பாடுகிறாள். "யாரிடம்" என்ற கேள்வியைப் பலர் தாண்டிப்போய்விடுவார்கள். 3, 7, 15 ஆகிய வரிகளில் வரும் "மச்சான்" என்ற விளி, அவன் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பதாக அவள் பேசுவதைக் காட்டுகிறது. 11ஆம் வரியில் அதே இடத்தில் "அவன்" என்று வருவதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கண்ணியில் மட்டும் பேச்சு கணவனை விட்டு விலகுகிறது.

இரண்டாம் படி: நான்கு வகையாகக் குறியிடுங்கள்

பரதரின் சூத்திரம் விபாவம், அனுபாவம், வியபிசாரி பாவம் ஆகியவற்றின் கூட்டால் சுவை பிறக்கிறது என்கிறது. விபாவத்தை இரண்டாகப் பிரித்தால் நான்கு வண்ணப் பென்சில் போதும்.

ஒன்று, உணர்ச்சி யாரைப் பற்றி எழுகிறதோ அந்த ஆள் அல்லது பொருள். இது பற்றுக்கோடு. 9 முதல் 12 வரை தவிர எல்லா இடத்திலும் கணவனே பற்றுக்கோடு.

இரண்டு, அந்த உணர்ச்சியைத் தூண்டிவிடும் சூழல். விடியற்காலை, சட்டியில் மிஞ்சிய கிழங்கு, ஆளில்லாமல் நிற்கும் அவனுடைய நெரை, அதாவது அவன் பால்வெட்டிய மரவரிசை, அவனுடைய கத்தி, சந்தையில் கேட்ட செய்தி ஆகியவை.

மூன்று, உள்ளே இருப்பது வெளியே தெரியும் செயல். அவித்துவைப்பது, கத்தி தீட்டுவது, கைப்பிடியைத் தொட்டுப்பார்ப்பது, சந்தையிலிருந்து ஓடிவருவது, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது.

நான்கு, வந்துபோகும் உணர்வுகள். பரதர் இவற்றை முப்பத்துமூன்றாக எண்ணுகிறார். முப்பத்துமூன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆவல், கவலை, நினைவு, சோர்வு, ஐயம், சீற்றம் என்ற ஆறைத் தெரிந்துவைத்திருந்தால் தோட்டப் பாட்டுகளில் முக்கால்வாசியைக் குறியிட்டுவிடலாம். 2, 3இல் ஆவல், 8இல் நினைவு, 12இல் சீற்றம், 15இல் ஆவலும் ஐயமும், 16இல் கவலை.

குறியிடும்போது அடிக்கடி நேரும் தவறு, வெறும் பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவெடுப்பது. "கண்ணீர்" என்று வந்தால் அவலம், "முத்தம்" என்று வந்தால் காதல் என்பது போல. கண்ணீர் மகிழ்ச்சியிலும் வரும், புகையிலும் வரும். காவிய இலக்கணக்காரர்கள் சுவையை அதன் பெயராலேயே சொல்லிவிடுவதைக் குற்றமாகவே எண்ணினார்கள். "எனக்குத் துயரம், துயரம்" என்று பாடினால் கேட்பவருக்குத் துயரம் பிறக்காது. எடுத்துக்காட்டுப் பாட்டில் அழுகை, கண்ணீர், துக்கம் என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி: பொருந்தாதவற்றைக் கழியுங்கள்

ஒன்பதிலிருந்து விடையைத் தேடுவதைவிட, பொருந்தாதவற்றைக் கழிப்பது சுலபம். இந்தப் பாட்டில் நகை இல்லை, வியப்பு இல்லை. ஊக்கத்தோடு எதையாவது சாதிக்கக் கிளம்பும் ஆளும் இல்லை, எனவே வீரம் போயிற்று. மாட்டைப்போல் அடைத்தது கொடுமைதான், ஆனால் அருவருக்க வைக்கும் காட்சியாக அது விரிக்கப்படவில்லை. எனவே இளிவரலும் போயிற்று. கணவனுக்கு என்ன ஆயிற்றோ என்ற அச்சம் உண்டு, ஆனால் அச்சத்தின் செயல்களான ஓடி ஒளிதல், நடுங்குதல், உறைந்துநிற்றல் எதுவும் இல்லை. அவள் ஓடுவது செய்தியை நோக்கித்தான்.

சாந்தத்தைக் கழிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். மெதுவான, அலறல் இல்லாத பாட்டை எல்லாம் சாந்தம் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. சாந்தத்துக்கு அடியில் இருப்பது பற்று அடங்கிய மனம். களைத்துப்போன மனம் அதுவாகாது. ஒரு சட்டிக் கிழங்கில் பாதியை எடுத்துவைக்கிற பெண்ணுக்குப் பற்று அடங்கவே இல்லை.

இப்போது மூன்று மிச்சம்: ரௌத்திரம், அவலம், காதல்.

நான்காம் படி: எடுத்துப்பார்க்கும் சோதனை

ஒன்பதாம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் சொன்னது இன்றும் கைகொடுக்கிறது. ஒரு படைப்பில் பல சுவைகள் கலந்து வரலாம், ஆனால் ஒன்று தலைமையாக இருந்து மற்றவை அதற்கு உறுப்பாக நிற்க வேண்டும். எது தலைமை, எது உறுப்பு என்பதை அறிய ஒவ்வொரு கண்ணியாகக் கையால் மறைத்துப் பாருங்கள்.

மூன்றாம் கண்ணியை மறையுங்கள். மிச்சமுள்ள பன்னிரண்டு வரிகளில் பாட்டு முழுசாகவே இருக்கிறது. அவன் எப்படிப் போனான் என்ற தகவல் மட்டும் குறைகிறது, அதையும் 13ஆம் வரி ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. இப்போது முதல் இரண்டு கண்ணிகளை மறையுங்கள். ஒரு குற்றச்சாட்டும் ஒரு செய்தியும்தான் மிஞ்சுகின்றன. பாட்டின் உயிர் முதல் எட்டு வரிகளில் இருக்கிறது. மூன்றாம் கண்ணி உறுப்பு.

ரௌத்திரத்துக்கு இன்னொரு சோதனையும் வைக்கலாம். சினம் நிலையான உணர்ச்சியாக இருந்தால் அதன் பற்றுக்கோடான எதிரி பாட்டு முழுவதும் கண்முன் நிற்பான், சினம் செயலாக மாறும். இங்கே கங்காணி 9ஆம் வரியில் வந்து 12இல் மறைந்துவிடுகிறான். அவளால் செய்ய முடிந்தது சாபம் மட்டும். அந்தச் சாபத்தையும் உற்றுப்பாருங்கள். வாசலில் புல் முளைப்பது என்றால் ஆள் நடமாட்டம் அற்றுப்போவது. 4ஆம் வரியில் பாதை பார்த்துக் காத்திருந்த அதே வாசல், சாபமாகத் திரும்பியிருக்கிறது. தன் வாசலுக்கு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுவதையே அவள் அவன் வாசலுக்கு விடுகிறாள். சினம் காத்திருப்பிலிருந்தே பிறக்கிறது, காத்திருப்பையே ஆழமாக்குகிறது. எனவே இது வந்துபோகும் சீற்றம். ரௌத்திரச் சுவையாக அது வளரவில்லை.

யாருடைய உணர்ச்சி என்பதையும் இந்த இடத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். கங்காணி கத்துவதாக ஒரு பாட்டு இருந்தால், கத்துகிறவனுக்குச் சினம். கேட்கிற நமக்கு அது அச்சமாகவோ வெறுப்பாகவோ இருக்கலாம், அவன் கோமாளியாக வரையப்பட்டிருந்தால் சிரிப்பாகவும் இருக்கலாம். சுவை என்பது கேட்பவரிடம் விளைவது. பாத்திரத்தின் உணர்ச்சியை அப்படியே சுவையாக எழுதிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: நம்பிக்கைச் சோதனை

இனி காதலா, அவலமா என்ற கேள்வி. காதலில் இரண்டு வகை உண்டு: சேர்ந்திருக்கும் காதல், பிரிந்திருக்கும் காதல். பிரிந்திருக்கும் காதலிலும் தூக்கம் கெடும், உடல் மெலியும், கண்ணீர் வரும். அதனால்தான் அது அவலத்தோடு குழம்புகிறது. இந்தக் குழப்பத்தைப் பரதரே எடுத்துக்கொண்டு ஒரு கோடு போட்டுவிட்டார். சாவு, சிறை, பொருளழிவு போன்றவற்றால் வந்து, இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட துயரம் அவலம். ஆவலும் கவலையுமாக, எதிர்பார்ப்பு இன்னும் அறாமல் இருப்பது பிரிவுக்காதல்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தக் கோடு புதிதல்ல. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். வருவேன் என்று சொன்னவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. புறத்தில் இறந்தவனைப் பாடுவதற்குப் பெயர் கையறுநிலை. செய்வதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போன நிலை. மெய்ப்பாட்டியல் அழுகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களான இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றில் நமக்கு இங்கே வேண்டியது இழவு. கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: பாட்டின் வரிகளுக்குள் இழவு நேர்ந்துவிட்டதா, இன்னும் கை அறவில்லையா?

தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் எதிர்பார்ப்பைக் காட்டும் சான்றுகளையும் வலப்பக்கம் இழப்பைக் காட்டும் சான்றுகளையும் எழுதுங்கள். இடப்பக்கம்: கூட ஒரு கிழங்கு அவித்தது, வாசல் காத்திருப்பது, கத்தியைத் துருப்பிடிக்க விடாதது, சந்தையிலிருந்து ஓடிவந்தது. வினைச்சொற்களைப் பாருங்கள். "காத்திருக்கு" நிகழ்காலம். கத்தி தீட்டுவது நாளைக்கு அவன் எடுத்து வெட்டுவான் என்பதற்காகச் செய்யும் வேலை. வலப்பக்கம்: பேசாமல் நிற்கும் நெரை, வந்தவர்களில் அவன் இல்லை என்பது. இரண்டும் அவன் இங்கே இல்லை என்று மட்டுமே சொல்கின்றன. இனி இல்லை என்று சொல்லவில்லை.

16ஆம் வரிதான் தீர்ப்பு. "வராதவங்க பேரு யாரும் சொல்லலையே." செய்தி இல்லை என்பது அவளுக்கு வேதனையும் தருகிறது, பிடித்துக்கொள்ள ஒரு நூலிழையும் தருகிறது. பெயர் சொல்லப்படாதவரை அவன் செத்தவன் ஆகவில்லை. கை இன்னும் அறவில்லை. தலைமைச் சுவை காதல், அதில் பிரிவு வகை. கவலையும் சீற்றமும் துணை.

வரலாற்றைப் பாட்டுக்குள் ஊற்றிவிடாதீர்கள்

இந்தத் தீர்ப்பைச் சொன்னதும் எழும் மறுப்பு இது: "சயாமுக்குப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லையே, அவன் செத்துத்தான் போயிருப்பான், பிறகு எப்படிக் காதல் சுவை?" இந்த அறிவு நம்முடையது, பாட்டுக்காரிக்கு அது இல்லை. வரிகளுக்குள் இல்லாத ஒன்றைக் கொண்டு சுவையை முடிவுசெய்தால், சயாம் என்ற சொல் வரும் எல்லாப் பாட்டும் அவலமாகிவிடும். துணிந்து போனவனைப் பாடுவதும், அங்கே சமைத்துத் தின்றதைக் கேலி பேசுவதும்கூட.

தோட்டப்புறப் பட்டணத்தில் இது இன்னும் கடினம். கேட்பவர் பாட்டன் அந்தப் பாதையில் போனவராக இருக்கலாம். அவருக்கு வரும் கண்ணீர் உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் அபிநவகுப்தர் சுவைக்குத் தடைகள் என்று எண்ணியவற்றில் ஒன்று, கேட்பவர் தம் சொந்த இன்ப துன்பத்தில் சிக்கிக்கொள்வது. பாட்டின் துயரம் பொதுவானதாக மாறினால்தான் சுவை. தன் வீட்டுத் துயரமாகவே நின்றுவிட்டால் அது துயரம் மட்டுமே. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குடும்பத்தில் அந்த வரலாறு இல்லாத ஒருவரிடமும் இருக்கிற ஒருவரிடமும் தாளைத் தனித்தனியே கொடுத்து, எந்த வரி முடிவைச் சொல்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இருவரும் ஒரே வரியைத் தொட்டால் முடிவு பாட்டுக்குள் இருக்கிறது. ஒருவர் வரி எதையும் தொடாமல் கதை சொல்ல ஆரம்பித்தால் முடிவு அவருக்குள் இருக்கிறது.

இரண்டே வரி மாறினால்

வாய்மொழிப் பாட்டு ஆளுக்கு ஆள் மாறும். இதே பாட்டை இன்னொருவர் இப்படி முடிப்பதாக வைத்துக்கொள்வோம்:

15. வந்தவங்க கூட்டத்துல ஒருத்தன் வந்து – மச்சான்
16. ஒன் வேட்டிய என் கையில வச்சானே

முதல் பதினான்கு வரிகளும் அப்படியே இருக்கின்றன. எண்ணிக்கைப்படி பார்த்தால் எட்டில் ஏழு பங்கு காத்திருப்புப் பாட்டுதான். ஆனாலும் தலைமைச் சுவை மாறிவிட்டது. வேட்டி மட்டும் வந்து ஆள் வரவில்லை. கை அற்றுவிட்டது. இழவு வரிக்குள்ளேயே நேர்ந்துவிட்டதால் இது அவலம். வரிகளை எண்ணிப் பெரும்பான்மை பார்க்கும் முறை இங்கேதான் தோற்கிறது.

முந்திய சான்றுகள் வீணாகவில்லை, அவற்றின் வேலை மாறுகிறது. கிழங்கு முதல் வடிவத்தில் ஆவலின் அடையாளம். இரண்டாம் வடிவத்தில் நினைவாகி, துயரத்தைத் தூண்டும் பொருளாகிறது. தீட்டிவைத்த கத்தியும் அப்படித்தான். காதல் இங்கே உறுப்பாக இறங்கி அவலத்துக்குத் தீனி போடுகிறது. அதனால் தீர்ப்பு எழுதும்போது "அவலம், காதல் துணை" என்று வரிசை மாற்றி எழுத வேண்டும்.

திரும்பிவரும் 3, 4ஆம் வரிகளுக்கு ஏன் கோடு போடச் சொன்னோம் என்பது இப்போது தெரியும். முதல் வடிவத்தில் 16ஆம் வரிக்குப் பிறகு "பாதிக் கெழங்கு சட்டியில காத்திருக்கு" என்று திரும்பினால், அவள் மறுநாளும் அவித்துவைப்பாள் என்று கேட்கிறது. இரண்டாம் வடிவத்தில் வேட்டி கைக்கு வந்த பிறகு அதே வரி திரும்பும்போது, அவன் இல்லை என்பது சட்டிக்குத் தெரியவில்லை என்று கேட்கிறது. அவலம் உச்சத்துக்குப் போவது 16ஆம் வரியில் அல்ல, எழுத்து மாறாமல் திரும்பிவரும் இந்த வரியில். ஆடுகிறவர் முதல் வடிவத்தில் இந்த வரிக்குப் பார்வையைப் பாதையின் தூரத்தில் வைக்கலாம். இரண்டாவதில் பார்வை கையிலிருக்கும் துணியை விட்டு எழக் கூடாது. பாடுகிறவர் முதல் வடிவத்தில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம். இரண்டாவதில் "மச்சான்" என்ற விளிக்கு முன் ஒரு மூச்சு நிறுத்தினால் போதும், ஒப்பாரி இழுப்பைக் கூட்ட வேண்டியதில்லை.

இறந்தவர் திரும்பக் கிடைப்பார் என்ற நம்பிக்கையோடு பாடும் பாட்டுகளும் உண்டு. கனவில் வருகிறான், சாமி கொண்டுவந்து சேர்க்கும் என்பது போல. பதினான்காம் நூற்றாண்டு விசுவநாதர் இதற்கென்றே பிரிவுக்காதலுக்குள் அவலம் கலந்த தனி வகையைச் சொல்கிறார். அந்த நம்பிக்கை வரியில் வெளிப்படையாக இருந்தால் மட்டுமே இந்த வகையைப் பயன்படுத்துங்கள்.

ஒன்பதுக்குள் அடங்காதவை

தாலாட்டையும் காவடிப் பாட்டையும் இந்த முறையில் பார்க்கும்போது இடறும். தாய்ப்பாசத்துக்கும் பக்திக்கும் ஒன்பதில் தனி இடம் இல்லை. விசுவநாதர் பிள்ளைப்பாசத்தைப் பத்தாவதாக ஏற்றுக்கொண்டார், வைணவ ஆசிரியர்கள் பக்தியையே சுவையாக்கினார்கள். ஒன்பதுக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் காவடிப் பாட்டில் பெயரைப் பார்க்காமல் செயலைப் பாருங்கள். சூரனை வெல்வது விரிந்தால் வீரம், வேலனின் உருவத்தைக் கண்டு மலைப்பது விரிந்தால் அற்புதம். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாயின் தாலாட்டில், வறுமையும் அசைவும் நிலைக்களன்களாக நின்றால் அது பெரும்பாலும் அவலத்தில்தான் முடியும்.

தீர்ப்பை எழுதும் முறை

இரண்டு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் தலைமைச் சுவை, அதன் வகை, முடிவைத் தந்த வரி எண். இரண்டாவதில் துணை உணர்ச்சிகளும் அவற்றின் வரி எண்களும். முதல் வடிவத்துக்கு இப்படி எழுதலாம்: "தலைமைச் சுவை காதல், பிரிவு வகை, 16ஆம் வரியில் இழப்பு உறுதியாகவில்லை, எதிர்பார்ப்பு 3, 4இல் நிகழ்கால வினையாகவும் 7இல் செயலாகவும் நிற்கிறது. துணையாக 9–12இல் சீற்றம், 15–16இல் ஐயமும் கவலையும்." வரி எண் இல்லாமல் எழுதிய தீர்ப்பை மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

கடைசியாக ஒரு நிலைமை. பாட்டியிடம் கேட்டு எழுதும்போது பல பாட்டுகளுக்கு முடிவு கிடைக்காது. "அதுக்கு மேல மறந்துபோச்சு கண்ணு" என்று 14ஆம் வரியோடு நிறுத்திவிடுவார். அப்போது முடிவை நீங்களே கட்டிச் சேர்க்காதீர்கள், தெரிந்த வரலாற்றைக் கொண்டும் நிரப்பாதீர்கள். கிடைத்த பதினான்கு வரிகளின்படி அது பிரிவுக்காதல் என்று எழுதி, பக்கத்தில் "முடிவுக் கண்ணி குறை" என்று குறித்துவையுங்கள். லயத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த இரண்டு வரி நினைவிருக்கக்கூடும். அவரிடம் கேட்கும்போது "வேட்டி" என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுத்துக்கொடுத்துவிடாதீர்கள்.